நடுவில் யாருக்கு இடம்? – மேடைப் பின்திரை ஒன்றை எழுதிய கதை

பாடசாலை நாடகங்களில் மேடையின் பின்பக்கம் தொங்கும் பெரிய சித்திரத் திரையைப் பின்திரை என்கிறோம். பழைய நாடகக்காரர்கள் அதை ‘சீன்’ என்றே அழைத்தார்கள். அரண்மனைக்கு ஒரு சீன், காட்டுக்கு ஒரு சீன், தெருவுக்கு ஒரு சீன் என்று சுருட்டி வைத்திருந்து, ஊர் ஊராகக் கொண்டு போய்த் தொங்கவிட்டார்கள். அந்த வழக்கத்தின் கடைசிச் சொட்டு இன்று பாடசாலை மேடைகளில்தான் மிஞ்சியிருக்கிறது. தமிழ்த் தினமோ மீலாத் விழாவோ வந்தால், சித்திரப் பாடம் படிக்கும் உயர்தர மாணவிகளின் தலையில் முதலில் விழுகிற வேலை அதுதான்.

இவ்வருடம் அந்த வேலை எனக்கும் என் வகுப்புத் தோழிகள் நால்வருக்கும் வந்தது. நாடகம் சிறியது. கண்டி வாவிக் கரையில் குடை திருத்தும் ஒருவர், அவருடைய மகள், அவ்வழியே போய்வரும் சிலர் – இவ்வளவுதான். நாடகத்தை எழுதிய மாணவி எங்களிடம் தந்த குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது: “பின்னால் அழகான கண்டி வாவி.”

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பின்திரை எழுத முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். சுவரில் மாட்டும் சித்திரத்துக்கு அந்த வரி போதும். பின்திரைக்குப் போதாது. ஏனென்றால் சுவர்ச் சித்திரத்தில் பார்க்க வேண்டிய பொருள் சித்திரத்துக்குள்ளே இருக்கிறது. பின்திரையில் பார்க்க வேண்டிய பொருள் அதற்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உம்மா வாவியைப் பார்க்க வரவில்லை, தன் மகளின் முகத்தைத் தேடுகிறார். திரை அந்த முகத்தை எடுத்துக்காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விழுங்கிவிடும்.

விழுங்கியதை நான் ஒரு போட்டியில் பார்த்திருக்கிறேன். திரையின் நட்டநடுவே வெள்ளை வெளேரென்று ஒரு நீர்வீழ்ச்சி. அதற்கு முன்னால் வெள்ளை பர்தா அணிந்த ஒரு பிள்ளை, நாடகத்திலேயே நீளமான வசனத்தைப் பேசினாள். பின்வரிசையிலிருந்து பார்த்த எங்களுக்குக் குரல் கேட்டது, முகம் எங்கே இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. அவள் நன்றாக நடித்தாள் என்பதைப் பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

ஆகவே நாங்கள் அந்த ஒரு வரியைத் திருப்பிக் கொடுத்து, மூன்று கேள்விகளுக்கு விடை கேட்டோம். நடிகர்கள் எங்கே நிற்பார்கள்? ஓரங்களில் என்ன வைக்கலாம்? பார்ப்பவருக்கு எத்தனை தூரம் தெரிய வேண்டும்?

வாவியே தந்த வெற்றிடம்

கண்டி வாவியை 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தை நீர்நிலையாக்கிக் கட்டுவித்தான். அதன் கரையோரமாக அலை அலையாக ஓடும் வெள்ளை மதிலை நாம் எல்லோரும் தினமும் பார்க்கிறோம். சிங்களத்தில் அதை ‘வலாகுளு பம்ம’, அதாவது முகில் மதில் என்கிறார்கள். தலதா மாளிகைப் பக்கத்து நடைபாதையில் நின்று தெற்கே பார்த்தால் முதலில் இந்த மதில், அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் எதிர்க்கரை மரங்கள், அவற்றுக்கு மேலே ஹந்தானை மலைத்தொடர், கடைசியில் வானம். பின்திரைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் நடுவில் இருப்பது தண்ணீர். தண்ணீரில் கண்ணை இழுக்கும் பொருள் எதுவும் இல்லை. நடிகர்களுக்காக வெற்றிடம் ஒன்றை நாங்கள் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, இடமே அதைத் தந்தது.

ஒரே ஒரு இடையூறு, வாவியின் நடுவிலுள்ள சிறு தீவு. கண்டியை அறிந்தவர்கள் அது இல்லாவிட்டால் “இது நம் வாவி அல்ல” என்பார்கள். இருக்கும் இடத்திலேயே வைத்தால், குடை திருத்துபவரின் தலையிலிருந்து மரம் முளைத்தது போல இருக்கும். ஆகையால் தீவை இடது பக்கமாக நகர்த்தினோம். பின்திரை நிலப்படம் அல்ல. அடையாளம் தெரிந்தால் போதும், அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் திரையின் அகலம் 24 அடி, உயரம் 10 அடி. அகலத்தை நான்காகப் பிரித்து, இரு ஓரங்களிலும் ஆறாறு அடியை மட்டும் விவரங்களுக்கு ஒதுக்கினோம். இடது ஓரத்தில் ஒரு பெரிய மாரா மரம். அதன் அடிமரம் தரையிலிருந்து எழுந்து, கிளை மேலே வளைந்து வானத்தின் ஒரு மூலையை மூடுகிறது. தீவு அந்த மரத்துக்கு அருகே, ஓரத்து ஆறு அடிக்குள்ளேயே அடங்குகிறது. வலது ஓரத்தில் அரசியர் நீராடிய மண்டபத்தின் ஒரு பகுதியும் ஒரு விளக்குக் கம்பமும். நடுவிலுள்ள 12 அடியில் தண்ணீர், எதிர்க்கரை, மலை, வானம் தவிர வேறெதுவும் இல்லை. மரமும் மண்டபமும் கதவு நிலை போல இருபுறமும் நிற்க, கண் தானாகவே நடுவுக்குப் போகிறது. அங்கே நடிகர் நிற்கிறார்.

தலை எங்கே விழுகிறது?

நடுவை வெறுமையாக விட வேண்டும் என்பதை எல்லோரும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். எந்த உயரத்தில் வெறுமையாக விட வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

நடிக்கும் பிள்ளையின் உயரம் 5 அடி என்றால், திரையில் 5 அடி உயரத்தில்தான் அவள் தலை தெரியும் என்று நினைப்போம். ஆனால் சபையோர் மேடையைவிடத் தாழ்ந்து உட்கார்ந்து மேல்நோக்கிப் பார்க்கிறார்கள், நடிகை திரையிலிருந்து சில அடி முன்னால் நிற்கிறாள். ஆகவே பார்ப்பவரின் கண்ணிலிருந்து அவள் தலை உச்சியைத் தொட்டுச் செல்லும் கோடு, திரையை இன்னும் மேலே போய்த்தான் தொடும்.

இதை நாங்கள் ஒரு நூலைப் பிடித்துக் கண்டுபிடித்தோம். எங்கள் மேடை தரையிலிருந்து 3 அடி உயரம். கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 3 அடி 9 அங்குலம், அதாவது மேடைத் தளத்துக்கு மேலே 9 அங்குலம் மட்டுமே. 5 அடி உயரமான ஒரு தோழியைத் திரைக்கு 6 அடி முன்னால் நிறுத்தினோம். முன்வரிசை அவளிடமிருந்து 10 அடி தூரத்தில் இருந்தது. அங்கிருந்து நூலை அவள் தலைக்கு மேலாக இழுத்தபோது அது திரையில் 7½ அடி உயரத்தில் பட்டது. கடைசி வரிசை அவளிடமிருந்து 50 அடி. அங்கிருந்து பார்த்தால் அதே தலை 5½ அடியில் தெரிந்தது.

ஒரே பிள்ளை, ஒரே இடம். ஆனால் முன்னால் இருக்கும் விருந்தினருக்கு அவள் தலை மலையின் மேல் தெரிகிறது, பின்னால் இருக்கும் பெற்றோருக்கு எதிர்க்கரைக்குச் சற்று மேலே தெரிகிறது. இருவருக்கும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் திரையின் நடுப்பகுதி 4 அடியிலிருந்து 7½ அடி வரை அமைதியாக இருக்க வேண்டும். அந்தப் பட்டையில் ஜன்னல், எழுத்து, வெள்ளைக் கட்டடம், பூ மரம் எதுவும் வரக்கூடாது. எதிர்க்கரையில் உண்மையில் மல்வத்தை விகாரையும் வேறு கட்டடங்களும் இருக்கின்றன. எங்கள் திரையில் அவையெல்லாம் மரக்கூட்டத்தின் மங்கலான நிழலாகவே நின்றன.

அந்தப் பட்டையின் நிறமும் முக்கியம். அதை வெளிர் நிறமாக்கினால் வெள்ளை பர்தா மறைந்துபோகும், கருமையாக்கினால் கறுப்பு உடையும் தலைமுடியும் மறைந்துபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சாம்பல் கலந்த பச்சைநீலம்தான் இரண்டையும் காட்டியது. எழுதத் தொடங்குமுன் ஒரு துண்டுத் துணியில் அந்த நிறத்தைப் பூசி, உடை அணிந்த இரு பிள்ளைகளுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். ஐந்து நிமிட வேலைதான், அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிய வாக்குவாதம் நின்றது.

எண்ணிப் பார்க்கக்கூடிய தூரம்

இனி ஆழத்தைப் பற்றிப் பார்ப்போம். தட்டையான துணியில் தூரம் எப்படித் தெரிகிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைத்தம், பார்வையைப் பற்றி எழுதிய ‘கிதாப் அல்-மனாழிர்’ என்னும் நூலில் இந்தக் கேள்வியை ஆராய்கிறார். நமக்கும் ஒரு பொருளுக்கும் இடையே தொடர்ச்சியாக வேறு பொருள்கள் வரிசையாக இருந்தால்தான் அதன் தூரத்தைக் கண் சரியாக மதிப்பிடும் என்பது அவர் கருத்து. அதற்கு முகில்களை உதாரணம் காட்டுகிறார். வெட்டவெளியில் பார்க்கும்போது முகில் எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரிவதில்லை, மிக உயரத்தில் இருப்பதாக நினைக்கிறோம். மலைகள் இருக்கும் இடத்தில் அதே முகில் மலையைத் தொட்டு நிற்பதைக் கண்டால், அது அவ்வளவு தூரமில்லை என்று தெரிந்துவிடுகிறது. மழை விட்ட காலையில் ஹந்தானையைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்திரைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. தூரத்தைக் காட்டப் படிகள் வேண்டும், அந்தப் படிகளைப் பார்ப்பவர் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் திரையில் ஐந்து படிகள்: மதில், தண்ணீர், எதிர்க்கரை, கிட்டிய மலை, தூர மலை. அதற்குப் பின்னால் வானம். இதற்கு மேல் கூட்டினால் கடைசி வரிசைக்கு எல்லாம் கலங்கித் தெரியும்.

படிகளைப் பிரித்துக் காட்டுவது நிறம். காற்றும் அதிலுள்ள ஈரமும் தூசியும் நமக்கும் மலைக்கும் இடையே மெல்லிய திரை போல நிற்கின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் ஒளி நம் கண்ணுக்கு வருவதால், தூரம் கூடக்கூட மலை வெளிறி நீலமாகிறது. கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடும் குறைகிறது. இதைத் துணியில் கொண்டுவர ஐந்து பச்சைகளைத் தனித்தனியே கலக்கத் தேவையில்லை. முதலில் மாரா மரத்துக்கான கரும்பச்சையை ஒரு வாளியில் கலந்தோம். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து, ஒரு பங்கு வெள்ளையும் சிறிது நீலமும் சேர்த்தால் எதிர்க்கரை. அந்தக் கலவையில் ஒரு பங்கோடு மறுபடியும் வெள்ளையும் நீலமும் சேர்த்தால் கிட்டிய மலை. இன்னொரு முறை சேர்த்தால் தூர மலை. ஒரே வாளியிலிருந்து பிறந்த நிறங்கள் என்பதால் அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் உள்ளே நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். கிட்டிய மலையில் கறுப்பு நிழல்களைத் தீட்டினால் அது எதிர்க்கரையைத் தாண்டி முன்னால் வந்து நிற்கும்.

கோடுகளால் ஆழம் காட்டும் வேறொரு வழியும் உண்டு. நடுவில் ஒரு தெருவை வரைந்து, இருபுறத்து வீடுகளையும் சிறுத்துக்கொண்டே போகச் செய்து, ஒரு புள்ளியில் சேர்ப்பது. இத்தாலியர் இதைப் பெரும் கலையாக வளர்த்தார்கள். செபஸ்தியானோ செர்லியோ 1545இல் வெளியிட்ட நூலில் மேடைக்கான தெருக்காட்சிகளைப் படங்களோடு விளக்குகிறார். ஆனால் அந்த முறையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. வரைந்த கோடுகள் மண்டபத்தில் ஓர் இடத்திலிருந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் சரியாகப் பொருந்தும். அரச மண்டபங்களில் அந்த இடம் அரசருக்கு. ஓரத்துக் கதிரைகளில் இருப்பவர்களுக்குத் தெரு கோணலாகத் தெரியும். இரண்டாவது, நடிகர் பின்னால் நடந்து போனால் மாடி ஜன்னலைவிட உயரமாகிவிடுவார். அதனால் நடிகர்கள் மேடையின் முன்பக்கத்திலேயே நின்றார்கள். பாடசாலை மண்டபத்தில் எல்லோரும் பெற்றோர்தான், யாரும் அரசர் இல்லை. ஆகவே கோட்டை விட்டுவிட்டு நிறத்தையும் படிகளையும் நம்புவதே நமக்கு நல்லது. மலைக்கும் தண்ணீருக்கும் எந்தக் கதிரையும் ஓரக் கதிரை அல்ல.

கோடு விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், கண்மட்டம். கணக்குப்படி பார்த்தால் சபையோரின் கண் மேடைத் தளத்துக்கு 9 அங்குலம் மேலேதான் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மதிலுக்கு அப்பால் தண்ணீரே தெரியாது. ஆனால் சபையோர் நாடகத்தைத் தங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, மேடையில் நிற்பவரின் கண்ணாலும் பார்க்கிறார்கள். ஆகவே நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தை வைத்து வரைவது வழக்கம். நாங்கள் எதிர்க்கரையின் நீர்க்கோட்டை 4½ அடியில் வைத்தோம். அதை 7, 8 அடிக்கு உயர்த்திப் பென்சிலில் ஒரு மாதிரி வரைந்து பார்த்தபோது, வாவி கிடக்காமல் நீலச் சுவர் போல எழுந்து நின்றது.

மதில் செய்த உபகாரம்

பின்திரை பொய் என்று காட்டிக்கொடுக்கும் இடம் அதன் அடிவிளிம்பு. தீட்டிய புல்லோ தெருவோ துணியின் அடியில் முடிந்து, அங்கிருந்து மேடைப் பலகை தொடங்கும்போது கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. எங்களுக்கு முகில் மதில் இதைத் தீர்த்தது. துணியின் அடியிலிருந்து 2½ அடி வரை மதில்தான். மதிலுக்கு இந்தப் பக்கத்துத் தரையை நாங்கள் தீட்டவே இல்லை, மேடைப் பலகையே நடைபாதையாகிவிட்டது. குடை திருத்துபவர் மதிலடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தபோது அவர் உண்மையிலேயே வாவிக் கரையில் இருந்தார். வேறு நாடகமானால் வேலி, திண்ணை, வயல் வரம்பு, பற்றை வரிசை ஆகியவை இதே வேலையைச் செய்யும்.

துணி, தையல், பூச்சு

45 அங்குல அகலமான வெளுக்காத பருத்தித் துணியை 25 அடி நீளத்தில் மூன்று துண்டுகளாக வாங்கினோம். கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு நானா அவற்றைப் பொருத்தித் தந்தார். துண்டுகளை நெடுக்காக அல்ல, கிடையாகவே ஒன்றின் மேல் ஒன்றாகத் தைக்கச் சொன்னோம். “ஏன் பிள்ள, கர்ட்டன் எல்லாம் நெடுக்கத்தானே தைக்கிறது?” என்று கேட்டார். நெடுக்குத் தையல் சுருங்கினால் மேலிருந்து கீழே மடிப்பு விழும், கிடைத் தையலைத் துணியின் பாரமே கீழே இழுத்து நேராக்கிவிடும் என்று சொன்னதும் தலையசைத்தார். இரண்டு தையல்களும் எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டோம். கீழேயுள்ளது 3 அடி 2 அங்குலத்தில், தண்ணீரில் ஓர் அலைக்கோடு போலக் கலந்தது. மேலேயுள்ளது 6 அடி 9 அங்குலத்தில், மலைக்குள் மறைந்தது. வானத்தில் தையல் வந்திருந்தால் மின்கம்பி போலத் தெரிந்திருக்கும்.

மேல் விளிம்பில் அடிக்கொரு நாடா, அடி விளிம்பில் குழாய் நுழையும் அளவுக்கு ஓர் உறை. அந்தக் குழாய்தான் துணியை இழுத்துப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் குழாய் பாரம் போதாததால் அதற்குள் மணலை நிரப்பினோம். மண்டபத்து மின்விசிறி சுற்றும்போது மலை ஆடாமல் இருப்பது இந்த மணலால்தான்.

துணியை மண்டபத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்த பிறகே முதல் பூச்சைப் பூச வேண்டும். வெள்ளை இமல்ஷனில் சம அளவு தண்ணீர் கலந்து பூசினோம். ஈரம் பட்டதும் பருத்தி சுருங்கும். பிடிக்காமல் பூசினால் ஓரங்கள் வளைந்துவிடும். எனாமல் பெயின்ட் வேண்டாம், அது பளபளத்து விளக்கொளியைச் சபையோரின் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். தடிப்பாகப் பூசவும் வேண்டாம், சுருட்டும்போது வெடிக்கும். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் வேறொரு நிறமும் தெரியும் என்பதால், ஒவ்வொரு கலவையையும் துண்டுத் துணியில் காயவிட்டுப் பார்த்தோம். அதையும் மேடை விளக்கின் கீழேயே பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் நீலம் சாம்பலாகிவிடும்.

கடதாசியில் ஓர் அடிக்கு ஓர் அங்குலமாக வரைந்த மாதிரியில் கட்டங்கள் போட்டோம். துணியிலும் சோக் பூசிய நூலைத் தட்டி ஓரடிக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து நீண்ட கம்பில் கட்டிய கரியால் வரைந்தோம். பிறகு தூரத்திலிருந்து தொடங்கி நிறம் தீட்டினோம். முதலில் வானம், பிறகு தூர மலை, கடைசியில் மதிலும் மரமும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் மேல் ஏறி மறைக்க வேண்டும், அதுவும் ஆழத்தின் ஒரு படிதான்.

சரியா என்று எப்படி அறிவது?

தரையில் கிடக்கும் திரையைப் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பிட முடியாது. நாங்கள் மூன்று சோதனைகள் செய்தோம். முதலாவது, மண்டபத்தின் மேல்மாடத்தில் ஏறி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. அப்போதும் ஐந்து படிகளை எண்ண முடிந்தால் ஆழம் சரி. இரண்டாவது, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பது. எதிர்க்கரையும் மலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தில் மட்டும்தான் வேறுபாடு இருக்கிறது, கருமையில் இல்லை என்று பொருள். அப்படித்தான் முதல் படத்தில் தெரிந்தது. மலைக்கு இன்னொரு மெல்லிய வெளிர்ப்பூச்சுக் கொடுத்ததும் பிரிந்தது. மூன்றாவது, திரையைத் தொங்கவிட்டு, உடை அணிந்த ஒருவரை நடுவில் நிறுத்திக் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பது. முதலில் கண் போவது முகத்துக்கா, சித்திரத்துக்கா? சித்திரத்துக்கென்றால் எதையாவது மங்கச் செய்ய வேண்டும். எங்களுக்கு விளக்குக் கம்பத்தின் வெள்ளைக் கூடு கண்ணை இழுத்தது. அதில் சிறிது சாம்பல் பூசினோம்.

பின்திரையே இல்லாமலும் நாடகம் நடக்கும். வட்டக்களரியில் ஆடிய கூத்துக்குச் சுற்றிலும் சனம் இருந்ததால் திரை தொங்கவிட இடமே இல்லை. ‘மனமே’ 1956இல் தீட்டிய காட்சிகளின் துணையின்றியே மேடையேறியது. காட்டையும் ஆற்றையும் நடிப்பும் பாட்டும் காட்டின. எங்கள் சித்திரப் பாடத்தில் வரும் தெகல்தொருவை ஓவியங்களிலும் இத்தகைய ஆழம் இல்லை. சிவப்புப் பின்னணியில் உருவங்கள் வரிசை வரிசையாக நின்று கதை சொல்கின்றன. ஆனால் உருவத்துக்கும் உருவத்துக்கும் இடையே வெளி இருப்பதால் தூரத்திலிருந்தும் கதை புரிகிறது. ஆழம் வேண்டுமா என்பது நாடகத்தைப் பொறுத்தது. தெளிவு எல்லா நாடகத்துக்கும் வேண்டும்.

கடைசியில், அந்த ஒரு வரிக்குப் பதிலாக நாங்கள் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டிய குறிப்பை இங்கே தருகிறேன். வேலை செய்த ஒன்பதாம் வகுப்புத் தங்கைமார் என்னிடம் எதுவும் கேட்காமலே இதைப் பார்த்துத் தீட்டினார்கள். அடுத்த வருடம் எழுதுபவர்கள் இடத்தின் பெயரையும் அளவுகளையும் மாற்றி இதையே பயன்படுத்தலாம்.

“கண்டி வாவிக் கரை, காலை நேரம். அகலம் 24 அடி, உயரம் 10 அடி. அடியிலிருந்து 2½ அடி வரை வெள்ளை முகில் மதில், அதற்கு முன் தரை தீட்ட வேண்டாம். 4½ அடி வரை தண்ணீர். 5½ அடி வரை எதிர்க்கரை மரங்கள், உருவம் மட்டும், இலை வேண்டாம். 7½ அடி வரை கிட்டிய மலை, அதற்கு மேல் வெளிறிய தூர மலை, பிறகு வானம். இடது ஓரம் ஆறு அடிக்குள் மாரா மரம், அருகே தீவு. வலது ஓரம் ஆறு அடிக்குள் நீராட்டு மண்டபம், விளக்குக் கம்பம். நடுவில் 12 அடியில் எந்தப் பொருளும் வேண்டாம். அங்கே பிள்ளைகள் நிற்பார்கள்.”